கேஸ் அடுப்புக் குமிழ் இறுகினால்: வால்வைத் திறந்து சுத்தம் செய்து கிரீஸ் போடுவது எப்படி

குமிழ் திரும்ப மறுக்கிறது என்று எங்களிடம் வரும் கேஸ் அடுப்புகளில் பலவற்றில் ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வீட்டில் யாராவது குமிழை இழுத்துக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் தண்டின் ஓரமாகச் சமையல் எண்ணெயை விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்திருப்பார்கள். குமிழும் உடனே லேசாகிவிடும். சில நாள் கழித்து முன்பைவிட மோசமாக இறுகும், அல்லது குமிழைச் சுற்றிக் கேஸ் வாடை வரும். இரண்டாவது நடந்தால் அது ஆபத்து.

அடுப்பு வால்வில் இருக்கும் கிரீஸ் வெறும் வழவழப்புக்காகப் போட்டதல்ல. கேஸ் வெளியே வராமல் அடைத்து வைப்பதும் அதே கிரீஸ்தான். இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கிரீஸ், எவ்வளவு, எங்கே என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாக வரும்.

டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் வீடுகளில் பரவலாக இருக்கும் இரண்டு பர்னர் மேசை அடுப்பை வைத்தே இதைச் சொல்கிறோம். ஒன்பது கிலோ சிலிண்டர், ரெகுலேட்டர், ஹோஸ், அடுப்பு, அவ்வளவுதான். 2022, 2023 ஆண்டுகளில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது பல வீடுகளில் வாங்கி வைத்தார்கள். மின்வெட்டு குறைந்ததும் அது பின்கட்டுக்கோ கராஜுக்கோ போய்விட்டது. புரட்டாசிச் சனிக்கிழமைக்கோ காவடி நாளுக்கோ பெரிய சமையல் என்று மறுபடி எடுக்கும்போதுதான் குமிழ் அசையாமல் நிற்பது தெரிகிறது. கடற்காற்றில் பித்தளை களிம்பேறும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், பயன்படாமல் கிடந்த கிரீஸ் காய்ந்து கெட்டியாகும். மூன்றும் சேர்ந்தால் அடுப்பு இந்த நிலைக்கு வந்துவிடும்.

சுவரில் குழாய் பதித்து, கல் மேடைக்குள் பொருத்திய அடுப்புக்கு இங்கே சொல்லும் வேலை பொருந்தாது. தென்னாப்பிரிக்காவில் அப்படி நிலையாகப் பொருத்திய கேஸ் இணைப்புக்குப் பதிவு பெற்ற கேஸ் வேலையாளின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2009ஆம் ஆண்டின் அழுத்தச் சாதன விதிமுறைகள் அதைக் கேட்கின்றன. இணைப்பில் மாற்றம் செய்தாலும், வீடு கைமாறினாலும் புதிய சான்றிதழ் எடுக்க வேண்டும். மேடை அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு அவற்றின் வால்வுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் அடுப்பில் அது இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பர்னர் ஓரத்தில் தீயில் படும்படி பென்சில் முனை போல ஒரு சின்ன உலோகக் குச்சி நிற்கும். பற்றவைத்த பிறகும் குமிழைச் சில நொடி அழுத்திப் பிடித்திருந்தால்தான் தீ நிற்கும். அந்த வகை வால்வின் பின்பகுதியில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. அங்கே கிரீஸ் பட்டால் காந்தம் சரியாக ஒட்டாது, அல்லது விட வேண்டிய நேரத்தில் விடாது. அதை வீட்டில் திறக்காதீர்கள். தீப்பொறி விட்டுப் பற்றவைக்கும் கம்பியும் இப்படித்தான் பர்னர் ஓரத்தில் நிற்கும், ஆனால் அதன் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் பீங்கான் உறை இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஒரு அடுப்பையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கக் குமிழ் இரண்டு விரலில் திரும்புகிறது. வலப்பக்கத்தில் பால் பொங்கியிருக்கிறது, பருப்பு வழிந்திருக்கிறது. அந்தக் குமிழ் கொறடு போட்டால்தான் அசைகிறது. குமிழின் பிளாஸ்டிக் கழுத்தும் லேசாகக் கீறிவிட்டது. வால்வு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் குமிழைக் கழற்ற வேண்டும். நேராக முன்பக்கம் இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் ஒரு துணிநாடாவைக் குமிழுக்குப் பின்னால் சுற்றி, இரு முனைகளையும் பிடித்து நேராக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் முன்தகடு வளையும்.

குமிழ் வந்ததும் உள்ளே ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கிய தண்டு தெரியும். துணியைச் சுற்றித் தண்டை விரலால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். அது எளிதாகத் திரும்பினால் வால்வில் குறையில்லை. குமிழின் அடிப்பகுதி தகட்டில் உரசுகிறது, அல்லது குமிழுக்கும் தகட்டுக்கும் நடுவே பாலும் சர்க்கரையும் கருகி ஒட்டியிருக்கிறது. குமிழை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, தகட்டை ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. தண்டு, தகட்டுத் துளையின் நடுவில் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். பெரிய பிரியாணிப் பானையைத் தூக்கி வைத்து வைத்துத் தகடு இறங்கிப் போயிருந்தால் தண்டு துளையின் ஓரத்தில் உரசும். அதற்குக் கிரீஸ் போட்டுப் பயனில்லை, தகட்டைத்தான் நேராக்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட அடுப்பில் தண்டே இறுக்கமாக இருக்கிறது. இறுக்கம் எப்படிப்பட்டது என்பதிலிருந்தும் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆறியிருக்கும்போது இறுகி, கொஞ்ச நேரம் சமைத்த பிறகு இளகினால், பழைய கிரீஸ் காய்ந்துபோயிருக்கிறது. கிரீஸ் என்பது எண்ணெயும் அதைத் தாங்கிப் பிடிக்கும் கெட்டிப்பொருளும் சேர்ந்தது. சூட்டில் எண்ணெய் மெல்லக் கசிந்து போய்விட, கெட்டிப்பொருள் மட்டும் மிஞ்சி மெழுகாக ஒட்டிக்கொள்கிறது. சுத்தம் செய்து புதுக் கிரீஸ் போட்டால் இது நன்றாகவே சரியாகும். மாறாக, ஆறியிருக்கும்போது நன்றாகத் திரும்பி, சூடானதும் இறுகினால் அடுப்பு அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். பாத்திரம் அடுப்பின் விளிம்பைத் தாண்டிப் பெரிதாக இருந்து, சூடு கீழே திரும்பி வால்வில் அடிக்கிறது. பாத்திரத்தை மாற்றாமல் கிரீஸை மட்டும் மாற்றினால் அதுவும் காய்ந்துவிடும். திருப்பும்போது ஒரே இடத்தில் மட்டும் நறநறவென்று தடுத்தால் உள்ளே மண்ணோ கீறலோ இருக்கிறது. அதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குமிழ் பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டு மூட மறுத்தால் அதோடு போராட வேண்டாம். சிலிண்டரின் வால்வை வலப்பக்கமாகத் திருப்பி மூடுங்கள். அடுப்பை அணைக்க அதுவே போதும்.

வேலைக்கு வேண்டியவை அதிகமில்லை. ஸ்க்ரூத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், நூல் பிரியாத பருத்தித் துணி, மரப் பல்குத்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கேஸ் வால்வுக் கிரீஸ், சோப்புத் தண்ணீர். ஆல்கஹால் கிடைக்காவிட்டால் மெத்திலேட்டட் ஸ்பிரிட் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், அது ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், அதனால் புட்டியைப் படித்துவிட்டு எடுங்கள்.

கிரீஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சமையல் கேஸ் என்பது புரோப்பேனும் பியூட்டேனும், அதாவது பெட்ரோலின் உறவுக்காரப் பொருள்கள். சாதாரணக் கிரீஸில் இருக்கும் எண்ணெயை அவை கரைத்துக்கொண்டு போய்விடும். கார் சக்கரத்துக்குப் போடும் லித்தியம் கிரீஸ் சூட்டைத் தாங்கினாலும் கேஸில் கரைவதால் இங்கே நிலைக்காது. வாஸ்லின் அடுப்புச் சூட்டிலேயே உருகி ஓடிவிடும். சமையல் எண்ணெய் சூட்டில் பிசினாகிப் பித்தளையோடு ஒட்டிக்கொள்ளும். கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான், அது பழைய கிரீஸைக் கழுவிவிடும். அதை அடித்ததும் குமிழ் லேசாவதும், பிறகு வாடை வருவதும் இதனால்தான். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சிலிக்கோன் கிரீஸ் நல்ல பொருள்தான், ஆனால் சிலிக்கோன் எண்ணெயும் இந்தக் கேஸில் கரையக்கூடியது. கேஸுக்கு ஏற்றது என்று குழாயிலேயே எழுதியிருந்தால் ஒழிய அதையும் போடக் கூடாது.

வாங்க வேண்டியது கேஸ் வால்வுக்கென்றே செய்த கிரீஸ். அடுப்பு உதிரிப்பாகக் கடையிலும், கேஸ் பொருத்துபவர்கள் சாமான் வாங்கும் கடையிலும் கேளுங்கள். குழாயின் மேல் EN 377 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். எரிவாயுச் சாதனங்களில் போடும் கிரீஸுக்கான ஐரோப்பியத் தர எண் அது. மோலிகோட் 1102 இந்த வகையில் வெகுநாளாகப் புழங்கும் ஒரு கிரீஸ். அதிக வெப்பத்தைத் தாங்கும் என்று மட்டும் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள், வெப்பத்தைத் தாங்குவது வேறு, கேஸில் கரையாமல் இருப்பது வேறு. மிகச் சிறிய குழாய் போதும். ஒரு வால்வுக்கு ஓர் அரிசி மணி அளவுதான் செலவாகும்.

இனி அடுப்பைத் திறக்கலாம். சிலிண்டரை மூடிய பிறகு இடப்பக்கப் பர்னரைப் பற்றவைத்து, தீ தானாக அணையும்வரை விடுங்கள். இரண்டு வால்வுக்கும் கேஸ் ஒரே குழாயில் வருவதால், நன்றாகத் திரும்பும் பர்னர் ஒன்றே ஹோஸையும் குழாயையும் காலி செய்துவிடும். அணைந்ததும் குமிழை மூடி, அடுப்பு முழுதும் ஆறக் காத்திருங்கள். பிறகு ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து கழற்றுங்கள். இங்குள்ள சிலிண்டர்களில் அந்த மரை எதிர்மரை. வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும். கதவைத் திறந்து வையுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் போதாது. பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது, வெள்ளிக்கிழமை மாலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாத்திரத் தாங்கி, பர்னர் மூடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடுப்பைக் கவிழ்த்து, அடித்தகடு இருந்தால் அதையும் கழற்றுங்கள். முன்பக்கம் குறுக்காக ஓடும் குழாயில் இரண்டு வால்வும் திருகியிருக்கும். அந்த மரையைத் தொடாதீர்கள். வால்வைக் குழாயிலிருந்து கழற்றினால் அங்கே இருக்கும் அடைப்பு போய்விடும், வேலை இரண்டு மடங்காகும். வால்வு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். குமிழ் இருந்த பக்கத்தில், தண்டைச் சுற்றிய சின்ன மூடியை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதை மட்டும் திறந்தால் போதும். ஸ்க்ரூவுக்குப் பதில் மூடியை நசுக்கி ஒட்டியிருந்தாலோ ரிவெட் அடித்திருந்தாலோ அது திறக்கச் செய்த வால்வு அல்ல. அதை மாற்ற வேண்டியதுதான்.

ஸ்க்ரூவைக் கழற்றும் முன் தண்டு மூடிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் பார்க்கும் வால்வைப் போல இறுகியிருந்தால், ஈரமில்லாத துணியைச் சுற்றிக் கொறடால் மெல்ல மூடிய நிலைக்குக் கொண்டுவரலாம். பிறகு மூடியிலும் வால்வின் உடலிலும் சேரும்படி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்புங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, விரலை எடுத்தால் தெறித்து ஓடிவிடும். தண்டு, அதன் குறுக்கே நிற்கும் சிறு ஊசி, ஸ்பிரிங் எல்லாம் வந்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் வையுங்கள். ரப்பர் வளையம் ஏதாவது இருந்தால் அதை ஆல்கஹாலில் ஊறவைக்காமல் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கடைசியில் ஒரு பித்தளைக் கூம்பு வரும். இந்த வால்வின் உயிர் அதுதான். ஒரு முனை பருத்து, மறுமுனை மெலிந்திருக்கும். பக்கவாட்டில் கேஸ் நுழையும் துளை, பக்கத்திலேயே குண்டூசி அளவில் இன்னொரு துளை. பெரிய துளை முழுத் தீக்கு, சின்னது சிறு தீக்கு. கூம்பு உட்காரும் குழியும் அதே சரிவில் கடைந்து, இரண்டையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். அதனால்தான் வலப்பக்கக் கூம்பை இடப்பக்கக் குழியில் போடக் கூடாது. இரண்டும் ஒன்று போலவே தெரியும், உள்ளே நுழையவும் செய்யும், ஆனால் ஒழுகும். இரண்டு வால்வையும் சுத்தம் செய்வதென்றால் ஒன்றை முடித்து மூடிய பிறகே அடுத்ததைத் திறங்கள். கூம்பை எடுக்கும் முன் அதன் பெரிய துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மேல் முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். சில வால்வுகளில் கூம்பு அரைச்சுற்று மாறியும் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் குமிழ் மூடியதாகக் காட்டும்போது கேஸ் வந்துகொண்டிருக்கும்.

கூம்பு வராமல் ஒட்டியிருந்தால் சுத்தியலால் தட்டவோ தீயால் சூடாக்கவோ கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வால்வின் உடல்மேல் சில நிமிடம் சுற்றி வையுங்கள். கிரீஸ் இளகியதும் தண்டை மறுபடி நுழைத்து, இடமும் வலமுமாக ஆட்டியபடியே இழுத்தால் வரும். நாம் பார்க்கும் கூம்பில் ஒரு பக்கம் பழுப்பு மெழுகுப் படலம், மேல் விளிம்பில் கறுத்த பால் ஏடு, துளை ஓரத்தில் பச்சைக் களிம்பு. மூன்றும் ஆல்கஹாலில் நனைத்த துணிக்கே போய்விடும், கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும். துணியைக் கூம்பின்மேல் ஒரு நிமிடம் சுற்றி வைத்துவிட்டுத் துடைத்தால் கெட்டியானது இளகும். உப்புத்தாள், இரும்பு நார், கத்தி எதுவும் கூம்பின் பக்கமே வரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், அதன் வழியே கேஸ் நடக்கும். துளைகளை மரப் பல்குத்தியால் குத்துங்கள், ஊசியால் அல்ல. ஊசி சின்னத் துளையைப் பெரிதாக்கினால் சிறு தீ இனி சிறு தீயாக இருக்காது. குழியைத் துடைக்க, பல்குத்தியை விடத் தடித்த ஒரு மரக்குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் திருப்புங்கள். உள்ளே நூல் எதுவும் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைத்து உலர்ந்த கூம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு சீராக இருந்தால் நல்லது. இங்குமங்கும் நிறம் மங்கியிருப்பதால் தீங்கில்லை. சுற்றுவாட்டில் ஒரு கோடு ஓடி, அது நகத்தில் தட்டுப்பட்டால், அதுவும் ஒரு துளையிலிருந்து மறு துளைவரை போனால், இந்த வால்வை இனிக் காப்பாற்ற முடியாது. அதிகக் கிரீஸ் போட்டு அந்தக் கோட்டை நிரப்பிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். முதல் சமையலின் சூட்டிலேயே அது இளகி வழிந்துவிடும். புது வால்வுதான் ஒரே வழி.

கிரீஸ் போடுவது இப்படி. அரிசி மணி அளவு எடுத்து, அதைப் பாதி பாதியாகக் கூம்பின் நீளவாட்டில் இரண்டு மெல்லிய கோடாக இழுங்கள். துளைகள் இல்லாத இரண்டு பக்கங்களில்தான் கோடு வர வேண்டும். விரலால் மெல்லப் பரப்பிவிட்டு, ஸ்பிரிங் எதுவும் போடாமல் கூம்பை மட்டும் குழியில் அமர்த்தி, லேசாக அழுத்தியபடி நாலைந்து முறை திருப்புங்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். பித்தளையின் நிறம் தெரியும்படி, மூச்சுப் பட்ட கண்ணாடியைப் போல ஒரு மெல்லிய படலம் எல்லா இடத்திலும் இருந்தால் அளவு சரி. வெறும் பித்தளை பளிச்சென்று தெரியும் இடம் இருந்தால் அங்கே மட்டும் துளி தடவுங்கள். துளைகளின் ஓரத்தில் கிரீஸ் திரண்டிருந்தால் பல்குத்தியால் எடுத்துவிட்டு, சின்னத் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அதிகக் கிரீஸின் முதல் அடையாளம் அந்தத் துளையில்தான் தெரியும். பெரிய தீ நன்றாக எரியும், குறைத்தவுடன் பொட்டென்று அணைந்துவிடும். குழிக்குள்ளும் எட்டிப் பாருங்கள், அங்கிருக்கும் வழியிலும் கிரீஸ் தள்ளப்பட்டிருக்கலாம். பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் சின்னத் துளையுள்ள முனைதான் ஜெட். கிரீஸ் அதுவரை போனால் ஜெட்டைக் கழற்றித் துடைக்கும் வேலை வந்துவிடும்.

தண்டில் ஊசி உரசும் இடத்திலும் மிகக் கொஞ்சம் தடவலாம். ஸ்பிரிங்குக்கு வேண்டாம். மார்க்கர் புள்ளியைப் பார்த்துக் கூம்பை அதே திசையில் வைத்து, எடுத்த வரிசைக்குத் தலைகீழாக எல்லாவற்றையும் அடுக்கி, மூடியின் கோடும் உடலின் கோடும் சேரும்படி வையுங்கள். இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் மூடி சாய்ந்து, தண்டு ஒரு பக்கம் பிடிக்கும். பித்தளை மரை மென்மையானது, ஸ்க்ரூ நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது தண்டை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். குமிழ் காற்றில் சுழல்வதுபோல் சுழன்றால் மகிழ வேண்டாம். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீரான, மெல்லிய எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும். அந்த எதிர்ப்புதான் கூம்பு குழியில் அழுந்தி உட்கார்ந்திருப்பதற்கு அடையாளம். எதிர்ப்பே இல்லையென்றால் ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மூடி சாய்ந்திருக்கிறது.

கசிவுச் சோதனை முடியாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. ஒரு கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தை நுரைக்காமல் கலக்குங்கள். ரெகுலேட்டரை மாட்டி, இரண்டு குமிழ்த் தண்டும் மூடிய நிலையில் இருக்க, சிலிண்டரைத் திறங்கள். சிறு தூரிகையால் வால்வின் மூடி ஓரம், தண்டைச் சுற்றி, ஸ்க்ரூத் தலைகள், வால்வு குழாயோடு சேரும் மரை, ஹோஸின் இரு முனை, ரெகுலேட்டர் மரை எல்லாவற்றிலும் தடவிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். தூரிகை எழுப்பிய நுரை நின்ற இடத்திலேயே நிற்கும். கசிவின் குமிழி மெல்ல வளர்ந்து வெடித்து, அதே இடத்தில் மறுபடி வரும். தீக்குச்சியால் சோதிப்பவர்களை இன்றும் பார்க்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வால்வு வெளிப்பக்கம் கசியாமல், உள்ளுக்குள்ளேயே கேஸை பர்னருக்கு விட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கு, பர்னரை எடுத்துவிட்டு ஜெட்டின் முனையில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீரை விரலால் வையுங்கள். வால்வு மூடியிருக்கும்போது அந்தப் படலம் அசையாமல் இருக்க வேண்டும். உப்பிக்கொண்டே வந்தால் கூம்பு சரியாக அடைக்கவில்லை, அல்லது அரைச்சுற்று மாறி உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டரை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்க்க வேண்டியதுதான். கூம்பு தன் திசையில், சீரான படலத்தோடு உட்கார்ந்தும் இதே நிலை என்றால் வால்வு தேய்ந்துவிட்டது. வாழ்நாள் முடிந்த வால்வை ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி ஓட்டுவோரும் உண்டு. அது வேண்டாம், அதிக அழுத்தத்தில் கிரீஸ் பிதுங்கி வெளியேறி, குமிழ் மறுபடி இறுகும்.

சோப்பைத் துடைத்து, ஜெட் முனை உலர்ந்ததும் பர்னரை மாட்டிப் பற்றவையுங்கள். பெரிய தீயிலிருந்து சிறு தீக்கும், அங்கிருந்து பெரிய தீக்கும் மெல்லக் கொண்டுபோங்கள். தீ நடுவில் அணையாமல், துள்ளாமல், நீலமாக இருந்தால் துளைகள் திறந்திருக்கின்றன. முதல் சில நிமிடம் லேசான மஞ்சள் நுனியும் எரியும் வாடையும் வரலாம், அது மிச்சக் கிரீஸோ ஸ்பிரிட்டோ எரிவது. அது நிற்காமல் தொடர்ந்தால் ஜெட்டில் கிரீஸ் போயிருக்கிறது.

ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்துக் கால் மணி நேரம் எரியவிட்டு, அணைத்து, வால்வு சூடாக இருக்கும்போதே சோப்புச் சோதனையை மூடி ஓரத்திலும் தண்டைச் சுற்றியும் இன்னொரு முறை செய்யுங்கள். ஆறியிருக்கும்போது கெட்டியாக நின்று அடைத்த கிரீஸ், பொருத்தமில்லாததாக இருந்தால் இந்தச் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். நாம் பார்த்த அடுப்பின் வலப்பக்கக் கூம்பில் கீறல் இல்லை, பால் ஏடும் காய்ந்த கிரீஸும்தான் காரணம். அதனால் வால்வை மாற்றத் தேவையில்லை. கழுத்து கீறிய குமிழை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். கீறிய கழுத்து தண்டின்மேல் வழுக்கும், குமிழ் மூடிய இடத்தில் நிற்கும்போது தண்டு பாதி திறந்திருக்கும். புதுக் குமிழ் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். தட்டையான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது அடுப்புக்கு அடுப்பு மாறும். தட்டை மாறிய குமிழைப் போட்டால் அதன் மேலிருக்கும் குறி பொய் சொல்லும்.